ஆயாவின் தட்டில் இன்னும் 20 கிராம் புரதம்: டின் பவுடரா, வீட்டுச் சமையலா, வெளிச்சாப்பாடா?

மருத்துவமனையிலிருந்து மெலிந்து வீடு திரும்பும் முதியவருக்கு "புரதச்சத்து கூடுதலாகக் கொடுங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். எதை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை. அன்று மாலையே மகனோ மகளோ மருந்துக்கடைக்குப் போய் ஒரு டின் சத்துப் பவுடர் வாங்கி வருகிறார்கள். அடுத்த வாரம் இன்னொரு டின் வருகிறது. மாதக் கடைசியில் "பவுடர் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம், ஆனால் எடை ஏறவில்லையே" என்ற கேள்வி எழுகிறது. டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள செட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களிலும் வாழும் நம் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி பல வடிவங்களில் வருகிறது. மாதாமாதம் வீட்டுச் செலவில் புதிதாகச் சேரும் இந்த வரிக்கு எந்த வழி ஏற்றது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை. உடல் மெலிந்து, பசி குன்றி, எடையைத் திரும்பப் பெற வேண்டிய முதியவரை மட்டுமே இது கருத்தில் கொள்கிறது. சிறுநீரக நோய்க்கான உணவுமுறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அதன் காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

## முதலில் தேவையை எண்ணாக்குதல்

எந்த வழியையும் ஒப்பிடுவதற்கு முன் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கணக்கு விளங்குவதற்காக ஓர் ஆயாவை எடுத்துக்கொள்வோம். வயது 78, உயரம் 1.55 மீட்டர். நுரையீரல் அழற்சி வருவதற்கு முன் 52 கிலோ இருந்தார். மூன்று மாதம் கழித்து இப்போது 47 கிலோ. இழந்தது 5 கிலோ, அதாவது முன்பிருந்த எடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை எண் 19.6. ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எளிய மதிப்பீட்டு முறையில் 5 முதல் 10 விழுக்காடு எடையிழப்புக்கு ஒரு புள்ளியும், 18.5க்கும் 20க்கும் இடைப்பட்ட உடல் நிறை எண்ணுக்கு ஒரு புள்ளியும் உண்டு. இரண்டு புள்ளி சேர்ந்தாலே அதிக ஆபத்து நிலை எனக் கொள்ளப்படுகிறது. பார்வைக்கு "வயதாகிவிட்டது, கொஞ்சம் இளைத்திருக்கிறார்" என்று மட்டுமே தோன்றும் இந்த ஆயா உண்மையில் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

நோயிலிருந்து தேறி வரும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 கிராம் புரதமும் 30 கலோரியும் தேவை என்பது உணவியல் வல்லுநர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. 47 கிலோவுக்கு அது 56 கிராம் புரதமும் 1,400 கலோரியும் ஆகும். அவர் இப்போது உண்பதை எழுதிப் பார்த்தால், காலையில் பால் தேநீரும் இரண்டு துண்டு பழுப்பு ரொட்டியும், மதியம் ஒரு கைப்பிடிச் சோறும் நீர்த்த பருப்பும் கொஞ்சம் காய்கறியும், இரவு ஒரு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் சிறு துண்டுக் கோழியும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 35 கிராம் புரதமும் 1,000 கலோரியும்தான் வருகின்றன. ஆகவே நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் புரதமும் 400 கலோரியும் அவருக்குக் குறைகின்றன. நாம் பணம் கொடுத்து வாங்கப்போவது இந்த இடைவெளியைத்தான்.

மூன்று நாள் அவர் உண்டதை, தட்டில் மீதம் வைத்ததைக் கழித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலே எந்தக் குடும்பமும் இந்த எண்ணைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிடலாம். மீதத்தைக் கழிப்பது மிக முக்கியம், ஏனெனில் பரிமாறியதை எழுதுகிறவர்கள் பலர், உள்ளே போனதை எழுதுகிறவர்கள் சிலரே.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது, டின்னின் விலையோ தட்டின் விலையோ அல்ல, கூடுதலாக உடலில் சேரும் 10 கிராம் புரதத்தின் விலை. இரண்டாவது, முதியவர் அதை உண்மையில் முழுவதும் உட்கொள்கிறாரா என்பது. மூன்றாவது, அதைச் செய்ய யாருடைய நேரம் போகிறது என்பது. நான்காவது, அவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களோடும் மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகிறதா என்பது. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட, முழுமையாக்கிய எண்கள். உங்கள் கடை ரசீதில் உள்ள விலையை அதே இடத்தில் போட்டால் உங்கள் விடை கிடைக்கும்.

| | டின் பவுடர் | வீட்டு உணவில் சத்துக் கூட்டுதல் | சமைத்துத் தரும் சாப்பாடு |
|---|---|---|---|
| நாளொன்றுக்குக் கூடும் புரதம் | 17 கிராம் | 20 கிராம் | 10 கிராம் |
| மாதச் செலவு | 1,520 ராண்ட் | 339 ராண்ட் | 1,690 ராண்ட் (மிச்சம் கழித்தால் 1,170) |
| கூடுதல் 10 கிராம் புரதத்துக்கு | சுமார் 30 ராண்ட் | சுமார் 6 ராண்ட் | சுமார் 45 ராண்ட் |
| வீட்டாரின் நேரம் | மிகக் குறைவு | தினமும் சுமார் அரை மணி | மிகக் குறைவு |
| எப்போது ஏற்றது | பசி மிகக் குறைந்த முதல் சில வாரங்கள் | நீண்டகாலத்துக்கு | பகலில் வீட்டில் ஆளில்லாதபோது |

## முதல் வழி: டின் பவுடர்

மருந்துக்கடையில் விற்கும் முழுச்சத்துப் பவுடர்களில் பெரும்பாலானவை ஒரு குவளைக்கு ஏறக்குறைய 230 கலோரியும் 8 அல்லது 9 கிராம் புரதமும் தருபவை. அந்த ஒரு குவளைக்கு ஐம்பது கிராமுக்கு மேல் பவுடர் போட வேண்டும். பல வகைகளில் அது உள்ளே இருக்கும் கரண்டியால் ஐந்தாறு கரண்டி. நம் ஆயாவின் இடைவெளியைப் பவுடரால் மட்டும் நிரப்ப நாளொன்றுக்கு இரண்டு குவளை வேண்டும். மாதத்துக்கு அது மூன்று கிலோவைத் தாண்டும், அதாவது 400 கிராம் டின் எட்டு. டின் 190 ராண்ட் என்றால் மாதம் 1,520 ராண்ட். முதியோர் உதவித்தொகை 2025இல் 2,300 ராண்டைச் சற்றுத் தாண்டியிருந்தது; அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இந்த எட்டு டின்களே தின்றுவிடுகின்றன. இந்த விலைக்குள் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் அடக்கம். அந்த 1,520 ராண்டில் 198 ராண்ட் வரி மட்டுமே.

விலையைவிடப் பெரிய மறைமுகச் செலவு, பலர் இந்த டின்னை நீட்டித்துப் பயன்படுத்துவதில் இருக்கிறது. ஒரு டின் ஏழு குவளைக்குத்தான் வரும் என்று தெரிந்ததும் மனம் பொறுக்காமல் தேநீரில் ஒரு கரண்டி, கஞ்சியில் ஒரு கரண்டி என்று தூவத் தொடங்குகிறார்கள். ஒரு கரண்டியில் ஒன்றரை கிராம் புரதம்கூட இல்லை. டின் ஒரு மாதம் ஓடுகிறது, பணமும் போகிறது, இடைவெளியோ அப்படியே இருக்கிறது. "பவுடர் கொடுத்தும் எடை ஏறவில்லை" என்ற புகாருக்கு நான் கண்ட முதற்காரணம் இதுதான். டின் எத்தனை நாளில் தீர்கிறது என்று குறித்துவைத்தாலே பிடிபட்டுவிடும்: நாளொன்றுக்கு இரண்டு குவளை உண்மையிலேயே கொடுத்தால் 400 கிராம் டின் நான்காம் நாளே காலியாக வேண்டும்.

இன்னொரு தவறு நேரம் சார்ந்தது. குவளையைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், சாப்பாடு குறையும், பவுடரால் கூடியது சோற்றில் கழிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பின்போ, இரண்டு சாப்பாட்டுக்கு இடையிலோ, உறங்கப் போகும்போதோ கொடுப்பதே பயன் தரும். முழுக் குவளையைக் கண்டாலே முகம் திருப்புகிறவருக்கு ஒரு காபிக் கோப்பையில் கால்வாசியாக நாலு தடவை கொடுக்கலாம்; கலக்கியதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

நோய்களைப் பொறுத்தவரை மூன்று எச்சரிக்கைகள் உள்ளன. சாதாரணப் பவுடர்களில் சர்க்கரையும் விரைவில் செரிக்கும் மாவுச்சத்தும் அதிகம், ஆதலால் நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை அளவு ஏறும். அதற்கெனத் தனி வகை உண்டு, விலையும் அதிகம். இவற்றில் வைட்டமின் கே சேர்க்கப்பட்டிருக்கிறது, எனவே இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் முன்னால் மருத்துவமனையில் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர் அதற்கும் பவுடர் குவளைக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். பாலுக்கும் இதுவே பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் சில சூழல்களில் பவுடர்தான் சரியான தெரிவு. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் தட்டில் பாதிகூட உண்ண முடியாதவருக்கு, பல் செட் சரியாகப் பொருந்தாமல் மெல்ல முடியாதவருக்கு, சமைப்பவரே நோயுற்றிருக்கும் வீட்டுக்கு, அளந்து கலக்கிக் கொடுத்தால் முடிந்துவிடும் இந்த வழி விலைக்குத் தகுந்ததே. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் உணவியல் வல்லுநரிடம் எழுத்துப்பூர்வமான பரிந்துரை வாங்கி, சேமிப்புக் கணக்கிலிருந்து தருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்பது நல்லது. அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்ப்பவர்கள் அங்குள்ள உணவியல் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்கலாம். எடை மிகக் குறைந்தவருக்குச் சத்துக்கஞ்சியோ பவுடரோ அங்கே இலவசமாகக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

## இரண்டாம் வழி: வீட்டு உணவிலேயே சத்துக் கூட்டுதல்

இதில் முதியவர் உண்ணும் அளவு கூடுவதில்லை; அதே கைப்பிடிச் சோற்றுக்குள், அதே கஞ்சிக்குள் அதிகச் சத்து போகிறது. பசியில்லாதவரிடம் "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்" என்று மன்றாடுவதைவிட இது நிம்மதியானது.

நம் ஆயாவுக்கான கணக்கு இது. நாளொன்றுக்கு 40 கிராம் முழுக்கொழுப்புப் பால்பவுடர், அதாவது குவித்த மேசைக்கரண்டியால் நான்கு, தேநீரிலும் காலைக் கஞ்சியிலும் பருப்பிலும் பிரித்துக் கலக்கப்படுகிறது. இதில் 10 கிராம் புரதமும் 200 கலோரியும் உண்டு. ஒரு முட்டை 6 கிராம் புரதமும் 75 கலோரியும் தரும். கஞ்சியில் கரைக்கும் ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய் 4 கிராமும் 95 கலோரியும். சோற்றின் மேல் இரண்டு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ ஊற்றினால் 80 கலோரி. கூட்டினால் 20 கிராம் புரதமும் 450 கலோரியும் ஆகிறது; இடைவெளி மூடப்படுகிறது.

மாதச் செலவில் பால்பவுடர் 1.2 கிலோவுக்கு 192 ராண்ட், முப்பது முட்டைத் தட்டு 85, நிலக்கடலை வெண்ணெய் ஒரு புட்டி 50, எண்ணெய் 12. ஆக 339 ராண்ட். விலை இவ்வளவு குறைவதற்கு வரியும் ஒரு காரணம். பால்பவுடர், முட்டை, தாவர எண்ணெய், பால், அமாசி, பருப்பு, சுகர் பீன்ஸ், டின்னில் வரும் பில்ச்சர்ட் ஆகியவை இந்த நாட்டில் வரி விலக்குப் பெற்ற அடிப்படை உணவுகள். முதியவருக்கு வேண்டிய புரதம் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பட்டியலிலேயே கிடைக்கிறது.

கடை அடுக்கில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. பால்பவுடருக்குப் பக்கத்திலேயே, அதே நிற டின்னில், விலை குறைவான தேநீர்க் கிரீமரும் வேறு பொருள் கலந்த பால்பவுடரும் இருக்கும். மேலே பசுவும் பால் குவளையும் படமாக இருந்தாலும் கிரீமரில் புரதம் மிகச் சொற்பம். டின்னைத் திருப்பி 100 கிராமுக்கான புரத எண்ணைப் பாருங்கள். அது 25 கிராமை ஒட்டியிருந்தால் உண்மையான பால்பவுடர். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் கிரீமர். இரண்டுக்கும் நடுவே இருந்தால் கலவை. கலவையை வாங்கினாலும் தவறில்லை, ஆனால் விலையைப் புரத எண்ணால் வகுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கலக்கும் முறையும் ஒழுங்காக இருக்க வேண்டும். கொதிக்கும் தேநீரில் பவுடரை நேரே கொட்டினால் கட்டி தட்டி, மேலே மிதக்கும் வெள்ளைத் துகள்களைப் பார்த்ததும் ஆயா குவளையை நகர்த்திவிடுவார். கோப்பையின் அடியில் பவுடரை இரண்டு கரண்டி குளிர்ந்த பாலில் குழைத்து, வழவழப்பான பசையானதும் சூடானதை ஊற்ற வேண்டும். பருப்பில் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்தபின் குழைத்து ஊற்ற வேண்டும், புளி சேர்ந்த ரசத்தில் சேர்க்கவே கூடாது, திரிந்துவிடும். முட்டையை அவித்துக் கொடுத்தால் பலர் வெள்ளைக்கருவை ஒதுக்குகிறார்கள். அடித்துப் பருப்பில் கலக்கிக் கொதிக்க விட்டால் இருப்பதே தெரியாது. டின் மீன் சட்னி நம் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கம். பில்ச்சர்டின் முள் மென்மையானது, முள்ளோடு மசித்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். 100 கிராமில் 17 கிராம் அளவு புரதம் இருப்பதால் வாரம் இரண்டு நாள் முட்டைக்கு மாற்றாகத் தாராளமாக வரும். ஒரு டின்னில் ஆயாவுக்கு மட்டும் பல வேளைக்கு வரும் என்பதால் திறந்த டின்னை மூடிய பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு கசிவுதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆயாவுக்கென்று வாங்கிய முட்டைத் தட்டும் நிலக்கடலை வெண்ணெயும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டிக்குப் போய்விடும். பட்ஜெட்டில் "ஆயா" என்ற வரி ஓடிக்கொண்டிருக்கும், அவர் தட்டில் எதுவும் ஏறியிருக்காது. எனவே ஆயாவின் பால்பவுடரைத் தனி டின்னில் போட்டு, நாளைக்கு எத்தனை கரண்டி என்று மூடியில் எழுதிவையுங்கள். வீட்டுக்கு வேண்டிய முட்டையை வீட்டுக் கணக்கில் தனியாக வாங்குங்கள். அதோடு தினமும் அரை மணி நேரம் ஒருவர் செலவிட வேண்டும். அது பெரும்பாலும் மருமகளின் அல்லது மகளின் நேரம். அண்ணன் தம்பிகளிடையே செலவைப் பங்கிடும்போது பணம் தருகிறவர், சமைக்கிறவரின் நேரத்தையும் ஒரு பங்காகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாலால் வயிறு உப்புசம் வருகிறவருக்குப் பால்பவுடருக்கு மாற்றாக அமாசி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். புளித்த பாலில் பால்சர்க்கரை குறைந்திருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு இந்த வழி பவுடரைவிடப் பாதுகாப்பானது, கஞ்சியில் சர்க்கரையைக் கூட்டாமல் இருந்தால். ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு நேர்மாறு. அங்கே புரதத்தையே மருத்துவர் கட்டுப்படுத்தியிருக்கலாம். பால்பவுடரில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் செறிந்திருக்கின்றன. ஆகவே சிறுநீரகச் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டறியாமல் இந்தப் பட்டியலைத் தொடங்க வேண்டாம்.

## மூன்றாம் வழி: சமைத்துத் தரும் சாப்பாடு

பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீடுகளில் மதிய உணவை வெளியே ஏற்பாடு செய்வது பரவிவருகிறது. அக்கம்பக்கத்தில் சமைத்துக் கொடுக்கும் அக்காவோ, முதியோருக்கு உணவு கொண்டுவரும் சேவையோ, உறைந்த உணவுப் பொட்டலங்களோ இந்த வகையில் அடங்கும். ஒரு சாப்பாடு 65 ராண்ட் என்று கொண்டால் வாரம் ஆறு நாளாக மாதம் 26 நாளுக்கு 1,690 ராண்ட். வீட்டில் அந்த மதிய உணவுக்காகும் சுமார் 20 ராண்ட் மிச்சமாவதைக் கழித்தால் உண்மையான கூடுதல் 1,170 ராண்ட்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சாப்பாடு ஆயாவின் பழைய மதிய உணவுக்குப் பதிலாக வருகிறது என்பது. புதிய தட்டில் 20 கிராம் புரதம் இருந்தாலும், பழைய தட்டில் இருந்ததைக் கழித்தால் கூடுவது 10 கிராம் அளவுதான். பெரிய ஆண்மகனுக்கு அளந்த தட்டு வந்தால் பாதி மீந்துபோகும், அதிலும் முதலில் மீந்துபோவது மெல்லச் சிரமமான கோழித்துண்டுதான். உப்பும் காரமும் நம் கையில் இல்லை. ஆகவே புரத இடைவெளியை மூடும் வழியாக இதைப் பார்த்தால் மூன்றிலும் மிக விலையானது இதுவே.

ஆனால் இதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவர் மதியத்தில் சமைத்ததைச் சூடாக்க எழுந்திருக்காமல் தேநீரும் பிஸ்கட்டுமாக முடித்துக்கொள்வது வழக்கம். அவருக்கு இங்கே கூடுவது 10 கிராம் அல்ல, ஒரு முழு வேளை; ஒருவர் கதவைத் தட்டி உணவைக் கையில் கொடுத்துப் போவதும் நடக்கிறது. அப்படியானால் இந்தச் செலவு நியாயமானதே. அண்டை அக்காவோடு பேசும்போது அரைத்தட்டு அளவு, மென்மையான கறி, கெட்டிப் பருப்பு, ஒரு முட்டை என்று தெளிவாகச் சொல்லிவைத்தால் விலையும் குறையலாம், மீதமும் குறையும்.

## என் தெரிவு, மூன்று மாதக் கணக்கோடு

நம் ஆயாவின் வீட்டில் பகலில் மருமகள் இருக்கிறார், சிறுநீரகம் நலமாக இருக்கிறது, நீரிழிவு இல்லை. இத்தகைய வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது, முதல் மாதம் இரண்டாம் வழியை முழுமையாகவும் முதல் வழியை ஒரு குவளை அளவிலும் சேர்த்துச் செய்வதுதான். ஒரு குவளைக்கு நான்கு டின், 760 ராண்ட், அதோடு 339, ஆக முதல் மாதம் ஏறத்தாழ 1,100 ராண்ட். முதல் வாரங்களில் அவர் கஞ்சியைப் பாதியில் வைத்தாலும் குவளை அந்தக் குறையைத் தாங்கும். இரண்டாம் மாதம் பசி திரும்பியதும் பவுடரை நிறுத்தி 339 ராண்டோடு தொடரலாம். மூன்று மாதத்துக்குச் சேர்ந்து ஏறத்தாழ 1,780 ராண்ட் ஆகும். பவுடரை மட்டும் மூன்று மாதமும் கொடுத்தால் 4,560 ராண்ட். இந்த வேறுபாடு ஒரு முதியோர் உதவித்தொகையின் ஒரு மாத முழுத் தொகையையும் தாண்டுகிறது.

பட்ஜெட்டில் இதை மளிகை வரிக்குள் கலக்காமல் தனி வரியாக எழுதுங்கள். உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் வருவதால் அந்த வாரமே பால்பவுடரையும் நிலக்கடலை வெண்ணெயையும் மாதத்துக்கு வாங்கிவிடலாம், கெடாது. முட்டையை வாராவாரம் வாங்குவது நல்லது. பவுடர் டின்னை மட்டும் மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். சுவை பிடிக்காமல் போனால் மீதி வீணாகும். முதலில் ஒரு சிறிய டின் வாங்கி, மூன்று நாள் குடித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

புரட்டாசி மாதம் வருமுன் இந்தக் கணக்கை ஒருமுறை மாற்றி எழுதியாக வேண்டும். முழு மாதமும் சைவமாக இருக்கும் வீட்டில் முட்டையும் பில்ச்சர்டும் நின்றுவிடும், 6 கிராம் புரதம் தினமும் சத்தமில்லாமல் குறைந்துவிடும். மாற்றாக 200 மில்லி அமாசியோ, அரைக் கோப்பை சுகர் பீன்ஸை நன்கு வேகவைத்து மசித்ததோ அந்த இடத்தை நிரப்பும். அமாசிக்கு மாதம் ஆறு லிட்டர், லிட்டர் 20 ராண்ட் என்றால் 120 ராண்ட். முட்டையின் 85 போக 35 ராண்ட் கூடும். சுகர் பீன்ஸ் அதைவிட மலிவு, ஆனால் வேகும் நேரம் அதிகம்; இரவே ஊறவைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வேகவைத்து, சிறு சிறு பங்காக உறையவைத்தால் மின்செலவு குறையும். விரதத்தைக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் ஆயாக்கள் ஒரு வேளை உணவையே விடுவதும் உண்டு. எடை தேறாத நிலையில் அந்த ஒரு வேளை பெரிய இழப்பு என்பதை, அவர் மதிக்கும் பூசாரி வாயிலாகவோ மூத்த உறவினர் வாயிலாகவோ மென்மையாக எடுத்துச் சொல்லலாம்.

## எப்போது வழியை மாற்ற வேண்டும்

வாரம் ஒருமுறை, அதே தராசில், காலைக் கடன் முடித்துத் தேநீருக்கு முன்னால், அதே வகை ஆடையோடு எடை பார்த்து எழுதுங்கள். ஒரு வாரத்து எண்ணை நம்ப வேண்டாம். நான்கு வாரத்துப் போக்கைப் பாருங்கள். கால் வீங்கியிருக்கும்போது எடை ஏறினால் அது நீர்; அதை முன்னேற்றமாகக் கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கு வாரத்தில் அரைக் கிலோவோ அதற்கு மேலோ ஏறி, தட்டில் மீதமும் குறைந்துவந்தால் பவுடரை நிறுத்தலாம். எடை 52 கிலோவை நெருங்கிய பிறகு பால்பவுடரைப் பாதியாக்கி, முட்டையை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டால் இந்தப் பட்ஜெட் வரி மாதம் 200 ராண்டுக்குள் அடங்கிவிடும்.

எடை நின்றுவிட்டால், முதலில் பவுடர் டின் எத்தனை நாளில் தீர்ந்தது, ஆயாவின் பால்பவுடர் டின்னில் வேறு யாருடைய கரண்டி போனது என்பவற்றைச் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தும் எடை குறைந்துகொண்டே போனால் மேலும் பணம் செலவழித்து இன்னொரு பவுடரைத் தேடுவதில் பயனில்லை. வாய்ப்புண், பல் செட், மலச்சிக்கல், மனச்சோர்வு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, கண்டறியப்படாத நோய் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். பால் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அன்றைக்கே நீர்ம உணவை நிறுத்தி மருத்துவமனையில் விழுங்கும் பரிசோதனைக்குக் கேளுங்கள், ஏனெனில் பால் நுரையீரலுக்குள் போனால் பழைய அழற்சி திரும்பவும் வரும். போகும்போது எடை எழுதிய தாளையும், மூன்று நாள் உணவுக் குறிப்பையும், மாத்திரைப் பெட்டியையும், பவுடர் டின்னையும் கூடவே கொண்டுசெல்லுங்கள். இவை நான்கும் மேசையில் இருந்தால் மருத்துவருக்கும் உணவியல் வல்லுநருக்கும் காரணத்தைத் தேடத் தொடங்குவது எளிது.